கட்டுப்படி ஆகாது

"லாஸ்ட் பிரைஸ்?"

காலையில் கண்ணைத் திறந்ததும் நான் படிக்கும் முதல் வார்த்தை இதுதான். சாமி படம்கூட அப்புறம்தான். பையின் படத்து மேலேயே கொட்டை எழுத்தில் விலை போட்டிருப்போம்: 2,450 ரூபாய், கூரியர் சேர்த்து. அதற்கு நேர் கீழே ஒருவர் வந்து "பிரைஸ்?" என்பார். அடுத்தவர் "கம்மி பண்ணுங்க" என்பார். மூன்றாமவர், இதே பை ஆம்பூர் பஜாரில் எழுநூறுக்குக் கிடைக்கிறது என்று அடித்துச் சொல்வார். அந்தப் பை ரெக்ஸின், எங்களுடையது தோல். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுவார்.

என் பெயர் பூர்ணிமா. ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். அங்கே சாம்பிள் ரூமில் தைத்துக்கொண்டிருந்தவள் ரஃபத் ஜஹான், என்னைவிட வயதில் சின்னவள். அவள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு லேடீஸ் ஹேண்ட்பேக் தைக்க ஆரம்பித்தாள். நிஜத் தோல், உள்ளே காட்டன் லைனிங், பித்தளை ஜிப். எனக்கும் கம்பெனி அலுத்துப்போயிருந்தது, நானும் கூடப் போனேன். தோல் வெட்டுவது, தைப்பது அவள். போட்டோ எடுப்பது, கமெண்டுக்குப் பதில் சொல்வது, பார்சல் கட்டுவது நான். ரஃபத் படித்தது உருது மீடியம். தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவாள், எழுத்தைக் கொடுத்தால் தடவித் தடவித்தான் படிப்பாள். அதனால் எங்கள் ஃபேஸ்புக் பேஜில் தமிழில் வருவதெல்லாம் என் தலையில்தான்.

கடை என்று எங்களுக்குத் தனியாக ஒன்று கிடையாது. அந்தப் பேஜ்தான் கடை. அதன் பெயர் கெட்டால் இரண்டு பேரும் திரும்பிப் போய் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டியதுதான்.

பேரம் கேட்பவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தேன். கேட்பதில் என்ன தப்பு? கத்திரிக்காய் வாங்கும்போது நானும்தான் கேட்கிறேன். கமெண்டில் கேட்டால் கமெண்டிலேயே, எல்லார் கண்ணுக்கும் தெரிய, பதில். இன்பாக்ஸில் கூப்பிட்டு ஆளுக்கொரு விலை சொல்லக் கூடாது. முழு விலை கொடுத்தவள் நாளைக்கு வந்து கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பஜார் பையைத் திட்டக் கூடாது, நம் பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டு, சின்ன பர்ஸ், ஸ்லிங் பேக் இதெல்லாமும் இருக்கிறது பாருங்கள் என்று காட்டலாம். ஆனால் "உங்க பட்ஜெட்டுக்கு" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது. அது மூஞ்சியில் அடித்தது மாதிரி.

இவ்வளவு தெரிந்தவள்தான் நான். தெரிந்து என்ன பிரயோஜனம்!

அன்றைக்கு மத்தியானம் கூரியர் ஆபீஸ் வரிசையில் நின்றிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கையில் பார்சல் மூட்டை, இன்னொரு கையில் போன். காலையிலிருந்து ஒரே பதில்: உங்களுக்கு எந்த கலர் வேணும், உங்களுக்கு எந்த ஊர், உங்களுக்கு இன்னிக்கே அனுப்பிடறோம். கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. அப்போது புதிதாக ஒரு கமெண்ட். பங்கஜம், காவேரிப்பாக்கம். முகப்புப் படத்தில் ஏரி. "பிரவுன் பை ரொம்ப நல்லாருக்கு. 1500க்கு வருமா?" என்று கேட்டிருந்தார்.

எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது என்று எழுத நினைத்தேன். வழக்கமாக அதற்கு முன்னால் ஒரு நன்றி, பின்னால் தோலைப் பற்றி இரண்டு வரி போடுவேன். அன்றைக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை. முதல் எழுத்தைத் தட்டுவதற்குள் போனே ஒரு வார்த்தையை நீட்டியது, விரல் பழக்கத்தில் அதை அழுத்திவிட்டது. அனுப்பிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அந்தக் கமெண்டுக்குக் கீழே கூட்டம் கூடியிருந்தது.

நான் எழுதியிருந்தது இது: "இல்லீங்க மேடம். உங்களுக்குக் கட்டுப்படி ஆகாது."

பங்கஜம் பதில் எழுதியிருந்தார்: "எனக்கு எது கட்டுப்படி ஆகும்னு நீ சொல்ல வேண்டாம். வெலை கேட்டது ஒரு குத்தமா?" அதற்குக் கீழே கோபிநாத் என்று ஒருவன் சிரிப்பு பொம்மை போட்டு, "பணக்காரங்க கடை, பாத்து உள்ள போங்க" என்றிருந்தான். "இவ்ளோ திமிரா" என்று இன்னொருத்தி. யார் பெற்ற பிள்ளைகளோ, நாள் முழுக்க இதற்கென்றே உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது.

அழித்துவிடலாமா என்று விரல் போனது. அழித்தால் ஸ்க்ரீன்ஷாட்டோடு திரும்பி வரும். அந்தப் பயத்தில் இன்னொரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். பங்கஜத்தின் இன்பாக்ஸுக்குப் போய், "மன்னிச்சிடுங்க மேடம், உங்களுக்காக 1500க்கே தரோம், யாருக்கும் சொல்லாதீங்க" என்று எழுதினேன். எழுதிவிட்டு, அப்பாடா என்று மூச்சு வேறு விட்டேன்.

பதில் உடனே வந்தது. "1500க்கு குடுக்க முடியும்னா 2450 எதுக்கு போட்டீங்க? மத்தவங்கள ஏமாத்தறீங்களா, இல்ல எனக்கு பிச்ச போடறீங்களா? ரெண்டுல எதுன்னு சொல்லு. இத அப்படியே கமெண்ட்ல போடட்டுமா?"

வெயிலிலேயே நடந்து ரஃபத் வீட்டுக்குப் போனேன். அவள் பையின் கைப்பிடி ஓரத்துக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். போனை வாங்கி அந்த வார்த்தையை உற்றுப் பார்த்தாள்.

"எ போடற இடத்துல உ. அவ்ளோதானா? ஒரு எழுத்துக்கு இவ்ளோ பேஜாரா?"

"நான் பெரியவ, நீ இல்லாதவன்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு ரஃபத்."

"அத கூட வுடு. கை தவறிடுச்சு. 1500ன்னு சொன்னியே, அதுவும் கை தவறியா?" பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள். "போன வாரம் ஜாஸ்மின் முழு காசு குடுத்து ரெண்டு வாங்கினாங்க. அவுங்க கேட்டா நா இன்னா சொல்றது? எம் பையி 1500 ரூபா பையின்னு நீயே சொல்லிட்ட. அந்தம்மாவயும் கேவலப்படுத்திட்ட, என் வேலையயும் கேவலப்படுத்திட்ட."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இப்ப இன்னா பண்ணப் போற?" என்றாள்.

"எல்லாத்தையும் கமெண்ட்லயே சொல்லிடறேன். அவங்க போடறதுக்கு முன்னாடி நானே."

"1500ன்னு சொன்னதயுமா?"

"அதையும்தான்."

ரஃபத் டப்பாவில் போட்ட பிரஷ்ஷை மறுபடி கையில் எடுத்தாள். அப்புறம், "எழுது. எழுதி முடிச்சிட்டு எனக்கு ஒருவாட்டி படி" என்றாள்.

அடித்து அடித்து அழித்து, கடைசியில் இப்படி எழுதினேன்: "பங்கஜம் அம்மா, எங்களுக்குக் கட்டுப்படி ஆகாதுன்னு எழுத வந்து, 'உங்களுக்கு'ன்னு தப்பா போட்டுட்டேன். படிச்சுப் பாக்காம அனுப்பினது என் தப்பு. நீங்க வெலை கேட்டதுல எந்தத் தப்பும் இல்ல. அப்புறம் பயந்துபோய் இன்பாக்ஸ்ல 1500க்கு தரேன்னும் சொல்லிட்டேன். அது அதைவிடப் பெரிய தப்பு. முழு விலை குடுத்து வாங்கினவங்களுக்கும் பண்ண துரோகம், உங்களுக்கும் மரியாதை இல்ல. இந்தப் பைக்கு ஆகற தோலுக்கும் வேலைக்கும் 2,450தான் எங்களுக்குக் கட்டும். யாருக்கும் இதைவிடக் கம்மியா குடுத்ததில்ல. என்னை மன்னிச்சிடுங்க. பூர்ணிமா."

ரஃபத் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, லைனிங் துணியை மடிக்க உட்கார்ந்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுதியது ஜாஸ்மின்தான். "அந்த 1500 மேட்டர் நிஜமாவே யாருக்கும் குடுக்கலன்னா சரி. நீங்களா சொன்னதால கேக்கறேன்." குடுக்கலைங்க என்று பதில் போட்டேன். கோபிநாத் அதற்கும் சிரிப்பு பொம்மை போட்டான். அவனுக்கு எதற்கும் அதுதான் போலிருக்கிறது.

பங்கஜம் வரவேயில்லை. சாயந்திரம் டீ குடித்தோம். வரவில்லை. கிளம்பலாம் என்று செருப்பை மாட்டும்போதுதான் இன்பாக்ஸில் அவர் பெயர் வந்தது.

"படிச்சேன். எழுத்து மாறிடுச்சுன்னு சொல்ற. சரி. ஆனா நீ மாத்தி எழுதினதுதாம்மா நெசம். எனக்கு அது கட்டுப்படி ஆகல. அதான் அவ்ளோ கோவம் வந்துச்சு."

அடுத்த வரி கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

"எம் பொண்ணு ஆவணில மெட்ராஸ்ல வேலைக்கு சேர்றா. மொத மொத ஆபீசு போறா. அந்த பையோட அனுப்பணும்னு ஆச. அதுக்குள்ள சீட்டு எடுத்துடுவேன். அப்ப வெலைய ஏத்திட மாட்டீங்களே?"

ரஃபத்துக்குப் படித்துக் காட்டினேன். மத்தியானம் குறைக்கச் சொன்னவர் இப்போது ஏற்றாமல் இருந்தால் போதும் என்கிறார்.

ரஃபத் மெஷினை நிறுத்தினாள். தோல் விலை ஏறப் போகிறது, பைக்கும் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று முந்தாநாள்தான் பேசியிருந்தோம்.

"ஆவணி வரைக்கும் ஏத்த வேணாம்க்கா," என்றாள். பிறகு அவளே சேர்த்துக்கொண்டாள்: "யாருக்கும்."

பதில் எழுத உட்கார்ந்தேன். தட்ட ஆரம்பித்ததுமே போன் தன் பாட்டுக்கு 'உங்களுக்கு' என்று நீட்டியது. உங்களுக்கு மட்டும் அதே விலை என்று எழுதினால், அது அன்றைக்கு மூன்றாவது அவமானம். அதைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன்: "எல்லாருக்கும் இதே விலைதாம்மா, ஆவணி வரைக்கும்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. இன்பாக்ஸில் அல்ல. மத்தியானம் அத்தனை பேர் சிரித்த அதே இடத்தில், கமெண்டில், எல்லாரும் பார்க்க வந்தது.

"எனக்கு பிரவுன் ஒண்ணு எடுத்து வைங்க. 2450. ஆவணில வாங்கிக்கறேன்."

அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். ரஃபத் மேஜையில் இருந்த பைகளில் தையல் சுத்தமாக விழுந்த பிரவுன் பை ஒன்றைத் தேடி எடுத்து, பேப்பரில் சுற்றி மேலே வைத்தாள்.

போன் மறுபடி சத்தம் போட்டது. பங்கஜத்துக்கு நேர் கீழே யாரோ புது ஆள்.

"லாஸ்ட் பிரைஸ்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம்ங்க" என்று ஆரம்பித்தேன்.