காத்திருந்த மணிக்குக் கால் சம்பளம்

சாயப்பட்டறை பாய்லர் மெக்கானிக் சகாயராஜுக்கு ஞாயிறுதோறும் ஸ்டாண்ட்பை. வீட்டில் காத்திருக்கும் மணிக்குக் கால் சம்பளம். பட்டறையில் கூப்பிட்டு, போய் வேலை செய்தால் அந்த மணிக்கு முழுச் சம்பளம். போன ஞாயிறு மூன்று மணி நேரம் நீராவிக் குழாயைச் சரிசெய்ததில் அவன் கை வெந்துபோனது. ஆனால் அன்றைய எட்டு மணி நேரத்துக்கும் கால் சம்பளமே வந்தது.

“மூணு மணி நேரம் வேலை பாத்தேன் சார்.”

“ஊட்டுல தூங்குனதுக்கே காசு குடுத்தாச்சு, போடா!” என்று மேனேஜர் மகுடேஸ்வரன் அந்தக் கையையே பிடித்து முறுக்கினார். வலி தாங்காமல் சகாயராஜ் ஓங்கிக் குத்தினான். மேனேஜரின் மூக்கு உடைந்தது. காவலாளிகள் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

சத்தம் கேட்டு வந்த முதலாளியம்மா கேட் பதிவேட்டில் போன ஞாயிறு அவன் வந்துபோன நேரத்தைப் பார்த்தார்.

“மூணு மணி நேரத்துக்கும் முழுச் சம்பளம் குடுங்க. குடுத்துட்டு இவனை வேலைய உட்டு அனுப்பிருங்க.”

ரத்தம் வழியும் வாயோடு சகாயராஜ் பணத்தை வாங்கிக்கொண்டான். அடித்ததற்காக அவன் வருந்தவில்லை.