பக்கவாட்டில் ஓடிய பந்தயம்

சுவரில் டிவி மாட்டுவதில் லெவலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லெவல் என்கிற ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை அவன் மூச்சுக்கூட விடமாட்டான் என்று அவன் வேலை பார்க்கும் டிவி கடையில் கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டியும் பல்லியைப்போல் சுவரிலேயே பிழைப்பு என்று அவன் பெண்டாட்டி அலுத்துக்கொள்வாள்.

அன்று மத்தியானம் பஸ் டிரைவர் வீட்டில் ஐம்பத்தைந்து அங்குலப் பெட்டியை மாட்டி முடித்து, எதிர் சோபாவில் உட்கார்ந்து பார்த்தான். கறுப்பு மை மாதிரி இருந்தது, சிவப்பு சிவப்பாக இருந்தது. பழைய டிவிக்குச் சுவரில் போட்ட ஓட்டைகளே புதுசுக்கும் பொருந்திவிட்டதில் வேலை பாதியாகக் குறைந்திருந்தது. உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

"அக்கா, காபி எங்கே?" என்றான் டிரைவரின் மனைவியிடம்.

"காபி இருக்கட்டும் தம்பி. என் மகளை ஏன் இப்படி வெளுத்துட்டே?" என்றார் டிரைவர் கட்டிலிலிருந்து.

கால் முறிந்து மூன்று வாரமாக அந்தக் கூடத்தில்தான் அவருக்கு வாசம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தலைமாடு. மாவுக்கட்டுப் போட்ட கால் நான்கு தலையணைமேல் ராஜாவாகப் படுத்திருந்தது. கட்டிலை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் அவர் அலறினார். மகள் நாலு மணிக்கு எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். டிவியில் அவள் வருவது இதுதான் முதல் தடவை. அரங்கத்துக்குப் போக முடியாத மனுஷன், அதற்காகவே முந்தாநாள் மனைவியைக் கடைக்கு அனுப்பிப் பெரிய பெட்டியாக வாங்கச் சொல்லியிருந்தார். இப்போது மணி மூன்று இருபது.

லெவல் கட்டில் பக்கம் போய் அவர் தலைக்கு நேராகக் குனிந்து பார்த்தான். திரை முழுக்க மேற்கு ஜன்னல் பளீரென்று உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் எங்கேயோ வீராங்கனைகள் கைகால்களை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"ஜன்னல்தான் கோளாறு. திரைச்சீலையை இழுத்துவிடுங்க அக்கா."

இழுத்தார்கள். ஜன்னல் மறைந்தது, சாயம்போன படம் மறையவில்லை. பழைய துணியை வெயிலில் ஒரு மாசம் போட்டதுபோல் இருந்தது. மகளின் மெரூன் பனியனும் பக்கத்தில் நின்றவளின் பழுப்புப் பனியனும் ஒன்றுக்கொன்று அக்கா தங்கச்சி.

"இதுல என் பொண்ணு யாரு?" என்றார் டிரைவர்.

லெவல் ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினான், நிறத்தைக் கூட்டினான். எல்லார் முகமும் ஆரஞ்சுப்பழமாகியது. அப்போதுதான் காலி அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த பேனல் வகையைப் படித்து நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, கடையில எங்கே நின்னு பாத்தீங்க?"

"நேரா முன்னாடி. இருட்டு ரூம்ல வெச்சிருந்தாங்க. எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா!"

"அங்கேதான் ஏமாந்துட்டோம். இது விஏ பேனல். நேரா பாத்தா கறுப்பு அப்படியே கறுப்பா நிக்கும். பக்கவாட்டுல போனா நிறம் வெளுத்துரும். நீங்க கடைக்கு எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்ட பழசு ஐபிஎஸ். கறுப்பு கொஞ்சம் சாம்பலா தெரிஞ்சாலும், ஓரத்துல உக்காந்தாகூட நிறம் மாறாது. அதனாலதான் அண்ணனுக்கு இத்தனை நாள் இங்கேயிருந்தே சரியாத் தெரிஞ்சுது."

"நாங்க ஏமாந்தோம், சரி. நீ?" என்றாள் அக்கா.

கேட்ட கேள்வி நியாயமானது. கட்டில் எங்கே கிடக்கிறது என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். ஓட்டை தயாராக இருக்கிறதே என்ற குஷியில் குமிழியைப் பார்த்தானே தவிர ஆளைப் பார்க்கவில்லை. இருபது வருஷ வேலையில் இப்படி ஓர் அசட்டுத்தனம் செய்ததில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"டிவியைத் திருப்பற மாதிரி கை வெச்ச சுவர் ஸ்டாண்டு இருந்தா ஒரு நிமிஷ வேலை. அது கடையில இருக்கு, போயிட்டு வர ஒரு மணி நேரம். இந்தப் பலகைச் சுவரும் அதைத் தாங்காது."

"அப்போ இறக்கு," என்றார் டிரைவர்.

இறக்கினார்கள். நல்லவேளையாக, பெட்டியோடு வந்த இரண்டு கால்களையும் அக்கா குப்பையில் போடாமல் வைத்திருந்தாள். காலைப் பூட்டிச் சாப்பாட்டு மேஜைமேல் டிவியை நிறுத்தத் தயாரானபோது மணி மூன்று நாற்பது. மேஜையை எங்கே போடுவது என்பதுதான் அடுத்த வில்லங்கம். கால்மாட்டுக்கு நேரே போட்டால் டிவிக்குப் பின்னால் ஜன்னல். திரைச்சீலையைத் தாண்டியும் அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது. வலது மூலையில் போடலாம், ஆனால் எந்தக் கோணத்தில்? கனத்த பெட்டியை வைத்து வைத்துத் திருப்பிப் பார்க்க நேரமில்லை.

"அந்த ஷேவிங் கண்ணாடியைக் கொண்டா," என்றார் டிரைவர்.

"இப்போ ஷேவிங் ஒண்ணுதான் குறைச்சல்!" என்றாள் அக்கா.

"முப்பது வருஷம் பக்கத்துக் கண்ணாடியைத் திருப்பியே வண்டி ஓட்டினவன் நான். டிவிக்குப் பதிலா அதை மேஜைமேல வை. தம்பி, மேஜையை மெல்லத் திருப்பு."

லெவல் திருப்பினான்.

"ஜன்னல் தெரியுது. இன்னும் திருப்பு. இப்போ வாசக்கதவு. இன்னும் கொஞ்சம். நிறுத்து, நிறுத்து! என் மூஞ்சி தெரியுது."

"இத்தனை வருஷத்துல அந்த மூஞ்சியைப் பாத்து சந்தோஷப்பட்ட முதல் ஆளு நீங்கதான்," என்றாள் அக்கா.

லெவலுக்குச் சட்டென்று புரிந்தது. அவர் முகம் அவருக்கே தெரிகிறதென்றால் திரை அவருக்கு நேராக நிற்கும். ஜன்னலும் திரையில் விழாது, நிறமும் வெளுக்காது. இரண்டு வியாதிக்கும் ஒரே மாத்திரை. இதை மட்டும் மாட்டுவதற்கு முன்னால் செய்திருந்தால்!

டிவியை வைத்தார்கள். லெவல் கேபிள் வயரை இழுத்துச் செருகியதும் மெரூன் மெரூனாக வந்தது. டிரைவர் "அதோ!" என்று கத்தியதில் கால் வலித்து "ஐயோ!" என்றும் கத்தினார்.

ஆனால் சுவரிலிருந்து வரும் அந்த வயர் மூலைவரை முழுசாக எட்டவில்லை. இழுத்துப் பிடித்தால் படம் வந்தது, விட்டால் போனது. வேறு வழியில்லாமல் லெவல் டிவியின் பக்கவாட்டில் வயரைப் பிடித்தபடி துவாரபாலகர் மாதிரி நின்றான். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிவியில் பந்தயத் துப்பாக்கி வெடித்தது.

அவன் நின்ற இடத்திலிருந்து திரையில் எட்டு வெளுத்த உருவங்கள் ஓடின. எது மெரூன், எது பழுப்பு, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு எட்டு முன்னால் வைத்தால் தெரியும்; வைத்தால் வயர் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே திரையை விட்டுவிட்டு டிரைவரின் முகத்தைப் பார்த்தான்.

முதல் சுற்றில் அந்த முகம் சுருங்கியது. "உள்ளே மாட்டிக்கிட்டா. வழி விடமாட்டேங்கிறாளுங்க," என்று பல்லைக் கடித்தார். மணி அடித்தது, கடைசிச் சுற்று. புருவம் மேலே ஏறியது. "வலது பக்கமா வெளியே வா கண்ணு. வந்துட்டா! இப்போ அமுக்கு, அமுக்கு!" கட்டுப்போடாத கால் படுக்கையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. லெவல் வயரை விடவில்லை. யாரோ பெற்ற பெண்ணுக்காக அவனும் "அமுக்கு, அமுக்கு!" என்றான்.

பந்தயம் முடிந்தபோது டிரைவரின் வாய் திறந்தபடி இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது.

"எத்தனாவது அண்ணே?" என்றான் லெவல்.

அவர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, "மெடல் வாங்கறதைக் காட்டுவாங்க, வயரை விட்டுடாதே," என்று சொல்லிக் காபி போட எழுந்தாள்.