பிரேக் சரி என்று போட்ட டிக்

எர்ணாகுளத்தை அடுத்த மட்டாஞ்சேரி பார்சல் கிடங்கில் காலை எட்டு மணிக்கு வசந்தி செய்யும் முதல் வேலை, பதினெட்டு டெலிவரி ஆட்களின் வண்டிச் சோதனைப் படிவத்தை நிரப்புவது. டயர், பிரேக், விளக்கு, ஹெல்மெட். வண்டிகள் வந்து சேரும் முன்பே எல்லாவற்றுக்கும் "சரி" என்று டிக் போட்டு அனுப்பிவிடுவாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்பதுக்குள் யாரும் கிளம்ப முடியாது. கிளம்பாவிட்டால் மேலாளர் பிஜு ஃபோனில் கத்துவார்.

அன்று நல்ல மழை. டெலிவரி ஆட்களில் ஒருவனான மாரிச்செல்வம் எட்டரைக்கு வந்தான்.

"சேச்சி, பின் பிரேக்க மிதிச்சா அடி வரைக்கும் போகுது. ஒர்க்‌ஷாப் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. சரியாக்கிட்டுப் போறேனே?"

"பத்துக்கா? உனக்கு நாப்பத்தாறு பார்சல் கெடக்கு, மாரி. ஃபார்மும் போயாச்சு. மத்தியானம் பாத்துக்கோ."

"அப்ப பஜார் ரோட்டையாவது கடைசியா வச்சுக்கட்டா? இப்ப லாரி சரக்கு எறக்குற நேரம்."

"ஆப் சொல்ற வரிசைதான். அங்க பத்தரைக்குள்ள கொடுக்கணும்."

"அடுத்த ஜென்மத்துல நான் ஆப்பாப் பொறக்குறேன் சேச்சி. அப்பவாவது என் பேச்சக் கேப்பீங்க," என்று சிரித்தபடி ஹெல்மெட்டைத் தலையில் வைத்தான். தாடை வாரைப் பூட்டவில்லை. நாற்பத்தாறு வாசலில் கழற்றி மாட்டுகிறவர்கள் யாரும் அங்கே பூட்டுவதில்லை. வசந்தி அதைப் பார்த்தாள். பூட்டிக்கொள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அதற்குள் ஃபோன் அடித்தது, எடுத்தாள்.

பத்தேகாலுக்கு பஜார் ரோட்டில் அவனுக்கு முன்னால் நின்ற ஒரு லாரி திடீரென்று ரிவர்ஸில் வந்தது. மாரி முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தான். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கியது. அவன் விழுந்தபோது ஹெல்மெட் கழன்று தனியே உருண்டது, தலை ரோட்டில் மோதியது. எர்ணாகுளத்து மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவன் இறந்துபோனான்.

மூன்றாம் நாள் பிஜு வசந்தியை அழைத்தார். "ஃபார்ம்ல பிரேக் ஓகே. அப்ப அவன் ஸ்பீட்தான் காரணம். போலீஸ் கேட்டா அது சொன்னா மதி, அது போதும். நம்ம ரெண்டு பேர் ஜோலியும் சம்பளமும் போகாது."

அன்று முழுவதும் அவளால் சாமி படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மறுநாள் காவல் நிலையத்துக்குப் போய், வண்டியைப் பார்க்காமலே டிக் போட்டதை எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்து நேராக, மாரியின் வீடிருக்கும் பள்ளுருத்திக்குப் பஸ் ஏறினாள்.

மாரியின் மனைவி தன்யா கதவருகே நின்றாள்.

"எல்லாரும் அவரு பறந்து போனாருன்னே சொல்றாங்க சேச்சி. பிள்ளகூட கேக்குறா, அப்பா ஏன் வேகமா போனாருன்னு."

"பிரேக் சரியில்லன்னு அவன் சொன்னான், தன்யா. நான்தான் போகச் சொன்னேன். ஹெல்மெட் வாரப் பூட்டுன்னுகூட சொல்லல."

தன்யா திட்டவில்லை.

"சொன்னாரா அவரு?"

"சொன்னான்."

அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "ஸாதனா, இங்க வா மோளே. இந்தச் சேச்சி சொல்றதக் கேளு."

எட்டு வயதுப் பெண் வந்து நின்றாள். வசந்தி தரையில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.