ஈரக் காட்சி கடைசியில்

அரை நிமிட விளம்பரத்துக்கு நான் நான்கு பக்கம் குறிப்பு எழுதுவேன். அதை முழுதாகப் படிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்திருந்தேன். எமில்டா அக்காவும் படித்திருந்தார்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன்குழம்பு வீடியோ போடுகிறவர் அவர். லைஃப் ஜாக்கெட் கம்பெனிக்கு நடிகை வேண்டாம். வாங்கிப் போட்டுப் பார்த்த வீட்டுக்காரி பேசுவதுபோல் வீடியோ வேண்டும்.

"தம்பி, மயங்கிக் கெடந்தாலும் மொகம் மேல பாத்து மெதக்கும்னு எழுதியிருக்கியள. நெசந்தானா?"

"கம்பெனியே சொல்லுது அக்கா."

சோதனை அறிக்கையை நான் கேட்கவில்லை. கம்பெனி மின்னஞ்சலில் இருந்த வரியை அப்படியே ஒட்டியிருந்தேன். ஒட்டுவதில் எனக்கு நல்ல கைராசி.

தலை நனைந்தால் மறுபடி சீவ நேரமாகும். அதனால் ஈரக் காட்சியைக் கடைசியில் வைப்பது வழக்கம். முதலில் ஹூக், பார்க்கிறவர் விரலை நிறுத்தும் முதல் மூன்று நொடி. அக்கா கரையில் நின்று கேமராவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் மயங்கி உழுந்தாலும் மொகம் தண்ணிக்கு மேலதான்!"

அவ்வளவு நம்பிக்கை அந்த முகத்தில். ஒரே டேக்கில் முடிந்தது. பாராட்டு வாங்கும் அவசரத்தில் அங்கேயே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்தது, கட்டாயம் வேண்டுமென்று நான் அடிக்கோடிட்ட காட்சி. அக்காவின் கணவர் ஆன்றோ கண்ணை மூடி, கைகாலைத் தளர்த்தி, வெட்டில்லாமல் ஐந்து நொடி மிதக்கவேண்டும். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகோரத்தில் இறங்கினார். உடம்பைத் தளரவிட்டதும் மெல்லப் புரண்டு குப்புறக் கவிழ்ந்தார். மூன்று தடவை. மூன்றாம் தடவை இருமிக்கொண்டே எழுந்தார்.

"ஏலே, படம் புடிக்கியா, எனக்கு அடக்கப் பூசை வைக்கப் போறியா?"

நான்தான் முதலில் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நான் சொன்னத அழிச்சிரு தம்பி."

கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "அந்த ஷாட் வேண்டாம், விடுங்க. ஹூக் பிரமாதம்" என்றார்கள். அனுப்பிய காட்சி கம்பெனிக்கே சொந்தம் என்ற ஒப்பந்த வரிக்கு அக்காவிடம் கையெழுத்து வாங்கியவனும் நானே. சண்டை போட்டுப் பார்த்தேன். வேலை போனது, வீடியோ போகவில்லை.

ஆன்றோ கவிழ்ந்த காட்சியை அக்கா தன் சேனலில் போட்டார். கொஞ்சம் பேர் பார்த்தார்கள். கம்பெனியோ காசு கொடுத்து ஹூக்கைக் கடற்கரை முழுக்கப் போன்களில் ஓடவிட்டது.

ஒரு நாள் அக்கா கூப்பிட, நானும் கரைக்குப் போனேன். அக்காவின் பக்கத்து வீட்டு ரோச் புது ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறிக்கொண்டிருந்தார். படகுக்குள் இருந்த மகனுக்கும் ஒன்று.

"அண்ணே, அது கவுத்துரும். நான் சொன்னது பொய்."

ரோச் வாரை இறுக்கினார்.

"போளா. ஒன் மூஞ்சிய ஒம்பது தடவ பாத்தேன். அது பொய் சொல்லுத மூஞ்சியா?"

அக்கா படகின் ஓரத்தைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீர்வரை கூடவே நடந்தார். நானும் நடந்தேன். இன்ஜின் உறுமியதும் ரோச் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.