உரிமை மாற்று விழா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், 2009 நவம்பர் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கொடைக்கானல் மலை மக்கள் மேம்பாட்டு அறக்கட்டளை அரங்கில், ஆவண உரிமை மாற்று விழா நடைபெறும். இயக்குநர் தனசேகர் அவர்கள் கணினியில் பொத்தானை அழுத்தி உரிமையை ஏற்பார்.

சுற்றறிக்கையைப் படித்த சுதாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திண்டுக்கல்லில் வேறு வேலை கிடைத்து அவள் கிளம்பும் கடைசி நாள் அதுதான். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பட்டியல் இணையத்தில், அவள் கணக்கில் இருந்தது. திங்கட்கிழமை அதைத் தாலுகா ஆபீஸில் கொடுத்தால்தான் வீட்டுமனைப் பட்டா. பூண்டிப் பக்கமிருந்து பாண்டியம்மாள், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை மடியில் கட்டிக்கொண்டு மூன்று தடவை வந்து பெயர் சேர்த்த பட்டியல். சுதாராணி அன்றே தனசேகர் அறைக்குப் போனாள்.

"சார், மத்தவங்களும் இந்தப் பட்டியலைத் திறக்கலாம், திருத்தலாம். ஆனா ஓனர் நான்தான். என் கணக்கை அழிச்சா அதுவும் போயிரும். இப்பவே உங்க பேருக்கு மாத்திர்றேன், ஒரு நிமிஷ சோலி."

"விழாவுக்கு முன்னாடி மாத்திட்டா மேடையில நான் என்னம்மா செய்யறது?"

"ஒரு பிரதியாச்சும் எடுத்து வைக்கிறேன் சார்."

"பிரதிங்கிறது ரகசியக் கசிவு. காகிதமில்லா அலுவலகம்னு பேனர் போட்டிருக்கோம்ல."

பேனர் போட்ட அன்றே குடும்பங்கள் எழுதிக் கொடுத்த படிவங்களை எடைக்குப் போட்டாயிற்று. பேனர் மட்டும் இன்னும் தொங்கியது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் கணினியில் நுழைந்தாள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. நேரே ஞானவேலிடம் போனாள். அலுவலகக் கணக்குகளை நிர்வகிப்பவர் அவர்.

"அண்ணே, என் கணக்கு எங்கண்ணே?"

"விலகுறவங்க கணக்கைக் கடைசி நாள் பன்னெண்டு மணிக்குள்ள நீக்கணும்னு போன வருஷச் சுற்றறிக்கை இருக்குல்லம்மா. வெரசா முடிச்சிட்டேன்."

"எச்சரிக்கை எதுவும் வரலையா?"

"இந்தக் கணக்குக்குச் சொந்தமான ஆவணமும் சேந்து அழியும், திரும்பாதுன்னு வந்துச்சு. ஓகே கொடுத்தேன். சார்தான் கையெழுத்துப் போட்டிருக்காரே."

"நாலு மணிக்கு எதைண்ணே மாத்தப் போறாரு?"

ஞானவேல் யோசித்தார். "அதை விழாக் குழுதாம்மா பாக்கணும்."

அவள் தனசேகர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். அவர் ஏற்புரை ஒத்திகையில் இருந்தார்.

"பட்டியல் போச்சு சார். நீங்க கையெழுத்துப் போட்ட உத்தரவுலதான் போச்சு. திங்கட்கிழமை அந்தச் சனத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

"நிதானமாப் பேசும்மா, சிறப்பு விருந்தினர் பக்கத்து ரூம்ல இருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "திரையில வேற ஏதாவது ஒண்ணைத் தெறந்து வைக்க முடியுமா?"

சுதாராணி காலையில் பிரிவுபசாரமாகப் போர்த்திய சால்வையை மேசைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். திண்டுக்கல் பஸ் நின்றிருந்தது. அவள் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு பூண்டி பஸ்ஸில் ஏறினாள். இரண்டு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

நாலு மணிக்குத் தனசேகர் பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். திரையில் இருந்தது கேரட் விலைப் பட்டியல்.