தெளிவான முகம்

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் எல்லாரும் நீருக்குள் மிதப்பவர்கள்போல நகர்ந்துகொண்டிருந்தார்கள். காவலாளியின் கைப்பேசி அதிர்ந்தது. முகங்களை அடையாளம் காணும் வாசல் கேமரா, உள்ளே வந்த ஒரு பெண்ணைத் திருடி என்று காட்டியது. தூக்கத்தில் நடப்பவன்போல அவள்முன் போய் நின்றான்.

"பையைத் திறங்கம்மா."

நாலு பேர் வேடிக்கை பார்க்க, அவள் திறந்தாள். சாவியும் குடையும்தான் இருந்தன. அவன் விடவில்லை. போன மாதத் திருட்டுக் காணொளியில் திருடியின் குனிந்திருந்த முகத்தை அந்தக் கேமராக் கருவி ஏற்காததால், தெளிவாகத் தெரிந்த முகமாகப் பார்த்து வெட்டித் திருடர் பட்டியலில் பதிவேற்றியவன் அவன்தான். அந்தப் படத்தை நீட்டினான்.

"இது நீங்கதானே?"

"நான்தான். குனிஞ்சு பவுடர் டப்பாவை எடுத்தது பக்கத்துல நின்னவ. அன்னிக்கு உங்ககிட்ட ஓடி வந்து சொன்னதே நான்தான்."

அவன் நீட்டிய படத்தை இறக்கினான். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது, இவளேதான் திருடி என்று.