வணக்கமும் நன்றியும் இல்லாத கடிதம்

கருவேலம்பட்டியில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிற ஜெயசெல்விக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவளே சொல்லித்தருகிறவள். ஆனாலும் அவள் வீட்டு அடுப்படிமேல் சாய்ந்து நிற்கிற மின்கம்பம் ஏழு மாதமாக அப்படியேதான் நிற்கிறது. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

ஆறு கடிதம் போட்டாயிற்று. ஆறிலும் ‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்’ இருந்தது. ‘ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி’ இருந்தது. ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள். பதில்தான் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

மின் அலுவலகத்துக்கு நேரில் போனால் எழுத்தர் இருளப்பன் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“மனு குடுத்திருக்கீங்களா டீச்சர்?”

“ஆறு குடுத்திருக்கேன் சார்.”

“அப்படியா? ஒண்ணும் கண்ணுல படலையே. இன்னொண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே ஒரு தாள் வாங்கி, வணக்கமும் இல்லாமல் நன்றியும் இல்லாமல் எழுதினாள்: ‘என் வீட்டின்மேல் சாய்ந்துள்ள கம்பத்தை உடனே மாற்றவும்.’ கீழே பெயர், முகவரி, தேதி. அவ்வளவுதான்.

இருளப்பன் படித்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “என்ன டீச்சர், கலெக்டர் ஆர்டர் மாதிரி இருக்கு? மேல இருக்கிறவங்கதான் ‘மாற்றவும்’னு போடுவாங்க.”

“போட்டுப் பாப்போமேன்னுதான் சார்.”

மூன்றாம் நாள் தபால் வந்தது. ஏழு மாதத்தில் முதல் பதில். எண், தேதி, முத்திரை, பொறியாளர் கையெழுத்து எல்லாம் இருந்தன. ‘தங்கள் வீட்டின்மேல் மின்கம்பம் சாய்ந்துள்ளது குறித்த மனுவில் வணக்கமோ நன்றியோ இல்லை. உரிய மரியாதையுடன் திருத்தி அனுப்பவும்.’

அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. உயிர் போனாலும் மரியாதை போகக்கூடாதாம். மறுபடி படித்தபோதுதான் அந்த எண் கண்ணில் பட்டது.

அன்றைக்கே தட்டச்சு செய்தாள். அலுவலகத்தில் நீட்டினாள். இருளப்பன் முகம் மலர்ந்து படித்தார்.

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பார்வை: தங்கள் கடிதம், எண் 418. கம்பம் சாய்ந்திருப்பதைத் தாங்கள் அறிந்துள்ளீர்கள் என்பதை மேற்படி கடிதத்தால் தெரிந்துகொண்டேன். இனி எங்களுக்கு ஏதும் நேர்ந்தால், தெரியாது என்று தாங்கள் சொல்ல இயலாது என்பதால், விரைந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ஜெயசெல்வி. நகல்: மாவட்ட ஆட்சியர்.’

மலர்ந்த முகம் சுண்டிப்போயிற்று.

“மரியாதை போதுமா சார்?” என்றாள்.

அவர் எழுந்து, கடிதத்தோடு பொறியாளர் அறைக்குள் ஓடினார். சாயங்காலம் மழைக்கு முன்னால் புதுக் கம்பத்தோடு வண்டி வந்து நின்றது.